தங்கம் வாங்க காலையில் போவதா, மாலையில் போவதா?

அமராவதி நகரிலிருந்து ஒரு வாசகி நீளமாகக் கடிதம் எழுதியிருந்தார். நம் கேள்வி-பதில் பகுதிக்கு வந்த கடிதம்தான். ஆனால் நாலு வரியில் பதில் சொல்லி முடிக்கக்கூடிய கேள்வியாக இல்லாததால், தனிக் கட்டுரையாகவே எழுதிவிடலாம் என்று தோன்றியது. கடிதத்தின் சாரம் இதுதான்:

'அணைக்குப் பக்கத்தில் மூன்று ஏக்கர் தென்னை வைத்திருக்கிறோம். இந்த முறை கொப்பரை விற்ற பணத்தில் மகளுக்கு இரண்டு பவுனில் ஒரு சங்கிலி எடுக்கலாம் என்று இருக்கிறோம். என் கல்யாணத்துக்குப் போட்ட நகை தவிர, கடைக்குப் போய் நாங்களாகத் தங்கம் வாங்குவது இதுதான் முதல் முறை. காலையில் கடை திறந்ததும் போனால் விலை குறைவாக இருக்கும் என்கிறார் என் நங்கையா. சாயங்காலம் போனால்தான் கடைக்காரர் இறங்கி வருவார் என்கிறார் கொழுந்தனார். டி.வி.யில் ஒரே நாளில் இரண்டு விலை சொல்கிறார்கள். உடுமலைக்கு எத்தனை மணிக்குப் போனால் நல்லது?'

நங்கையா சொன்னதற்கும் கொழுந்தனார் சொன்னதற்கும் ஆளுக்கொரு காரணம் இருக்கிறது. ஆனால் இரண்டுமே தக்காளிக்குப் பொருந்துகிற அளவுக்குத் தங்கத்துக்குப் பொருந்தாது.

உடுமலைச் சந்தைக்குத் தக்காளிப் பெட்டி கொண்டு போகிறவர்களுக்கு நேரத்தின் அருமை தெரியும். விடியற்காலையில் நல்ல விலை போகும். வெயில் ஏற ஏற இறங்கும். மதியம் மிச்சம் கிடப்பதை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு வர வேண்டும். காரணம், நாளைக்கு வைத்திருக்க முடியாது. தங்கம் அழுகாது. இன்று விற்காத சங்கிலியை நகைக்கடைக்காரர் நாளைக்கும் அதே தட்டில் வைப்பார். அதனால் சாயங்காலம் ஆகிவிட்டதே என்று கிராம் விலையைக் குறைக்க வேண்டிய அவசியம் அவருக்குக் கிடையாது.

விலை எங்கே, எப்போது முடிவாகிறது?

நம் பகுதியில் பல்லடத்தில் கறிக்கோழிக்குப் பண்ணை விலை அறிவிக்கிறார்கள், நாமக்கல்லில் முட்டைக்கு அறிவிக்கிறார்கள் அல்லவா? அதேபோல நகைக்கும் ஒரு அறிவிப்பு உண்டு. சென்னையில் இருக்கும் நகை வியாபாரிகள் சங்கம் தினமும் காலையில் 22 காரட் ஆபரணத் தங்கத்துக்கு கிராம் விலையை முடிவு செய்து உறுப்பினர்களுக்கு அனுப்புகிறது. பெரும்பாலான நாட்களில் ஒன்பதரை, பத்து மணி வாக்கில் அது வந்துவிடும். அதை எட்டால் பெருக்கினால் பவுன் விலை. உடுமலை, தாராபுரம், திருப்பூர் கடைகள் பலவற்றிலும் போர்டில் எழுதுவது இந்த விலையைத்தான்.

சங்கம் அந்த எண்ணை மூன்றைப் பார்த்துச் சொல்கிறது. உலகச் சந்தையில் தங்கத்தின் டாலர் விலை, டாலருக்கு எத்தனை ரூபாய், அதன்மேல் நம் அரசு போடும் இறக்குமதி வரி. இந்தியா பயன்படுத்தும் தங்கத்தில் பெரும்பகுதி வெளிநாட்டிலிருந்து வருவதால், இந்த மூன்றில் எது அசைந்தாலும் நம் போர்டு விலையும் அசையும்.

இப்போது கடிகாரத்தைப் பாருங்கள். தங்கத்துக்கு லண்டனில் தினமும் இரண்டு முறை ஏலம் நடத்தி விலை நிர்ணயிக்கிறார்கள். அவர்களுடைய நேரத்தில் காலை 10.30, பிற்பகல் 3.00. அங்கே கோடைக்காலமாக இருக்கும் மாதங்களில் நமக்கு அது பிற்பகல் 3 மணியும் இரவு 7.30-ம். குளிர்காலத்தில் ஒரு மணி நேரம் தள்ளிப் போகும். அமெரிக்காவில் வேலைவாய்ப்பு, விலைவாசி பற்றிய முக்கியப் புள்ளிவிவரங்கள் வெளியாவது நமக்கு மாலை 6 மணி அல்லது 7 மணிக்கு. அந்நாட்டு மத்திய வங்கி வட்டி விகிதத்தை அறிவிப்பது நாம் தூங்கப் போன பிறகு, நள்ளிரவை ஒட்டி.

ஆக, தங்கத்தை அதிகமாக ஆட்டிவைக்கும் நேரம் நம் ஊரில் கடை அடைக்கும் நேரமும் அதற்குப் பிறகும்தான். ராத்திரி நடந்ததெல்லாம் சேர்ந்து மறுநாள் காலை அறிவிப்பில் ஒரே அடியாக வந்து உட்காரும். ஏற்றமாக இருந்தால் காலையில் ஏற்றம். இறக்கமாக இருந்தால் காலையில் இறக்கம். காலை என்பதற்காகவே விலை குறைவாக இருக்க வழியில்லை.

அந்த அறிவிப்புக்குப் பிறகு பகலில் உலகச் சந்தை பெரிதாக அசையாவிட்டால் அன்று முழுவதும் அதே விலைதான். காலை பத்தரைக்குப் போனாலும் இரவு எட்டுக்குப் போனாலும் ஒன்றுதான். பகலிலேயே பெரிய ஏற்றமோ இறக்கமோ வந்தால், சங்கம் பிற்பகலில் இரண்டாவது விலை ஒன்றை அறிவிக்கும். டி.வி.யில் 'ஒரே நாளில் இரண்டு முறை' என்று வருவது இதுதான். அமைதியான காலத்தில் இது எப்போதாவதுதான் நடக்கும். பவுன் 90,000 ரூபாயைத் தாண்டிய 2025 அக்டோபரைப் போன்ற கொந்தளிப்பான காலத்தில் அடிக்கடி நடக்கும்.

சீக்கிரம் போனவர் ஜெயித்த நாள், தோற்ற நாள்

2024-ல் இரண்டரை மாத இடைவெளியில் வந்த இரண்டு நாட்களை எடுத்துக்கொண்டால், இந்தக் கேள்விக்கு முழு விடையும் அதிலேயே இருக்கிறது.

முதல் நாள் 2024 மே 10. அட்சய திருதியை. கூட்டத்தை எதிர்பார்த்து நகைக்கடைகள் விடியற்காலையிலேயே திறந்திருந்தன. முதல் நாள் சென்னையில் கிராம் 6,615 ரூபாய். அன்று காலை ஆறு மணிக்கே 45 ரூபாய் ஏறி 6,660 என்று அறிவித்தார்கள். காலையிலேயே இன்னொரு முறை 45 ஏறி 6,705. பிற்பகலில் மேலும் 65 ஏறி 6,770. ஒரே நாளில் மூன்று ஏற்றம். பவுனுக்கு மொத்தம் 1,240 ரூபாய்.

'பண்டிகைக் கூட்டத்தைப் பார்த்து ஏற்றிவிட்டார்கள்' என்று அன்று பல பேர் திட்டினார்கள். ஆனால் முந்தைய நாள் மாலை அமெரிக்காவில் ஒரு புள்ளிவிவரம் வந்திருந்தது. வேலை இழந்து உதவித்தொகைக்கு விண்ணப்பித்தவர்கள் எதிர்பார்த்ததைவிட அதிகம் என்ற செய்தி. அதனால் அங்கே வட்டி குறையும் என்ற பேச்சு எழுந்து, அன்றிரவே உலகச் சந்தையில் தங்கம் ஏறிவிட்டது. மறுநாளும் ஏறியது. உடுமலையில் விடிவதற்குள் முதல் ஏற்றம் முடிவாகியிருந்தது.

அன்று இரண்டு பவுன் சங்கிலியை ஆறு மணிக்கு வாங்கியவருக்கும் மாலையில் வாங்கியவருக்கும் கிராமுக்கு 110 ரூபாய் வித்தியாசம். 16 கிராமுக்கு 1,760. சேதாரம் 12 சதவிகிதம், ஜி.எஸ்.டி. 3 சதவிகிதம் என்று வைத்துக்கொண்டால் பில்லில் ஏறத்தாழ 2,030 ரூபாய். நங்கையா சொன்ன மாதிரி, சீக்கிரம் போனவருக்குத்தான் லாபம்.

இரண்டாவது நாள் 2024 ஜூலை 23. அன்று மத்திய பட்ஜெட். காலையில் கிராம் 6,810, பவுன் 54,480. பதினொரு மணிக்கு நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் உரையைத் தொடங்கினார். தங்கத்துக்கான இறக்குமதி வரி மொத்தம் 15 சதவிகிதமாக இருந்ததை 6 சதவிகிதமாகக் குறைப்பதாக அறிவித்தார். பிற்பகலில் சென்னை விலை கிராமுக்கு 260 ரூபாய் இறங்கி 6,550 ஆனது. பவுன் 52,400. வரிக் குறைப்பு நடைமுறைக்கு வந்தது மறுநாள்தான். கடையில் இருந்த சரக்கெல்லாம் பழைய வரி கட்டி வந்தது. ஆனாலும் விலை அன்று மதியமே இறங்கிவிட்டது. நாளைக்கு மலிவாகக் கிடைக்கப் போகிற பொருளை இன்று யார் கூடுதல் விலைக்கு வாங்குவார்கள்?

அன்று காலையில் கடை திறந்ததும் நல்ல நேரம் பார்த்து இரண்டு பவுன் வாங்கியவர் என்ன கொடுத்திருப்பார்? 6,810 வீதம் 16 கிராமுக்கு 1,08,960. அதன்மேல் 12 சதவிகிதம் சேதாரம் 13,075. இரண்டும் சேர்த்து 1,22,035. அதற்கு 3 சதவிகிதம் ஜி.எஸ்.டி. போட்டால் 1,25,696 ரூபாய். அதே சங்கிலியை மாலையில் வாங்கியவருக்கு 1,20,897. வித்தியாசம் 4,799 ரூபாய். சீக்கிரம் போனவருக்கு நஷ்டம்.

மே மாதம் காலை ஜெயித்தது. ஜூலையில் காலை தோற்றது. இரண்டு நாளிலும் காலையில் கவுண்டர் முன்னால் நின்றவருக்கு, மாலையில் என்ன நடக்கும் என்பது தெரியாது. ஜூலை 23-க்காவது பட்ஜெட் என்று ஒரு தேதி இருந்தது. ஆனால் பட்ஜெட்டில் வரி குறையுமா, கூடுமா, அப்படியே இருக்குமா என்பது முன்கூட்டி யாருக்குத் தெரியும்? 2022 ஜூலை 1-ம் தேதி பட்ஜெட்டே இல்லாத நாளில் இறக்குமதி வரியை உயர்த்தியதும் நடந்திருக்கிறது.

அதனால் அமராவதி நகர் வாசகிக்கு நான் சொல்வது: எந்த மணிக்குப் போவது என்று கணக்குப் போடாதீர்கள். எந்த நாளில் போகக் கூடாது என்று மட்டும் பாருங்கள். பட்ஜெட் நாளில் உரை முடியும்வரை பொறுத்திருங்கள். விலை குறையும் என்று அதற்கு அர்த்தமில்லை. என்ன நடந்தது என்று தெரிந்த பிறகு வாங்கலாம், அவ்வளவுதான். மற்ற நாட்களில் காலை அறிவிப்பு வந்த பிறகு எப்போது வேண்டுமானாலும் போகலாம்.

ஞாயிற்றுக்கிழமை பற்றியும் ஒரு வார்த்தை. திருப்பூர்ப் பக்கம் பனியன் கம்பெனியில் சனிக்கிழமை சம்பளம் வாங்கி, ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போகிற குடும்பங்கள் நிறைய. உலகச் சந்தை நம் நேரப்படி சனிக்கிழமை விடியற்காலையில் மூடிவிட்டு, திங்கட்கிழமை விடியற்காலையில்தான் திறக்கும். அதனால் சனிக்கிழமை அறிவித்த விலைதான் வழக்கமாக ஞாயிற்றுக்கிழமையும் இருக்கும். ஞாயிறு முழுக்க எத்தனை மணிக்குப் போனாலும் அதே விலை. கூட்டம்தான் மாறும்.

கொழுந்தனார் சொன்னதில் பாதி சரி

சாயங்காலம் கடைக்காரர் இறங்கி வருவார் என்ற பேச்சைப் பற்றி, உடுமலையில் நகைக்கடை கவுண்டரில் முப்பது வருடம் நின்று ஓய்வு பெற்ற ஒருவரிடம் கேட்டேன். சிரித்துவிட்டுச் சொன்னார்:

"ஏனுங்க, கிராம் ரேட்டுல நாங்க எங்கீங்க இறங்கறது? அது போர்டு ரேட்டு. எல்லாருக்கும் ஒண்ணுதான். இறங்கறதெல்லாம் சேதாரத்துலதானுங்க. அதுவும் கவுண்டர்ல நிக்கற பையன் இறங்க மாட்டான், அவனுக்கு ஒரு அளவுதான் கொடுத்திருப்பாங்க. மேனேஜரோ முதலாளியோ சொல்லணும். சாயங்காலம் கூட்டத்துல அவரு உங்ககிட்டப் பேச எங்க நேரம் இருக்கும்? வாரநாள்ல பதினொண்ணு, பன்னெண்டு மணிக்கு வந்தீங்கன்னா உக்கார வெச்சுப் பேசுவாருங்க."

போனி வியாபாரம் பற்றியும் கேட்டேன். முதல் வாடிக்கையாளரை வெறுங்கையோடு அனுப்ப மனசு வராது, அதனால் சேதாரத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுப்பது உண்டு என்றார். ஆனால் அன்றைய ரேட் வருவதற்கு முன்னால் வந்து நேற்றைய விலைக்குப் பில் போடச் சொன்னால் நடக்காது. "ரேட் வரட்டுமுங்க, காபி சாப்பிடுங்க"ன்னு சொல்லி உட்கார வைத்துவிடுவார்களாம்.

சேதாரம் என்பது நகை செய்யும்போது வீணாகும் தங்கத்துக்கு என்று சொல்லி வாங்கும் தொகை. செய்கூலி என்பது வேலைக்கான கூலி. சில கடைகளில் இரண்டும் தனித்தனி. சில கடைகளில் எல்லாம் சேர்த்து 'சேதாரம் இவ்வளவு சதவிகிதம்' என்பார்கள். இதற்கு சங்கம் போர்டு விலை எதுவும் அறிவிப்பதில்லை. நகைக்கு நகை, கடைக்குக் கடை மாறும். ஒரே மாதிரி சங்கிலிக்கு ஒரு கடையில் 8, இன்னொரு கடையில் 12 என்று சொல்வது சாதாரணம். நுணுக்க வேலைப்பாடு இருந்தால் இன்னும் ஏறும்.

இப்போது ஜூலை 23 காலை போட்ட அதே கணக்கை மறுபடி எடுங்கள். விலை 6,810-லேயே இருக்கட்டும். சேதாரத்தை மட்டும் 12-லிருந்து 8 ஆக்குங்கள். பில் 1,25,696-லிருந்து 1,21,207 ஆகிறது. மிச்சம் 4,489 ரூபாய்.

இறக்குமதி வரியில் ஒன்பது சதவிகிதத்தை அரசு ஒரே நாளில் வெட்டியபோது, சரியான நேரத்தில் போனவருக்குக் கிடைத்த லாபம் 4,799. இன்னொரு கடையில் ஏறி இறங்கி, நாலு சதவிகிதம் குறைவான சேதாரத்துக்கு வாங்கியவருக்குக் கிடைக்கும் லாபம் 4,489. முதலாவது எப்போதாவது ஒருநாள் நடக்கும். இரண்டாவது உங்கள் கையில் எல்லா நாளும் இருக்கிறது.

சாதாரண நாளில் வரும் இரண்டாவது விலை மாற்றத்தையும் பாருங்கள். கிராமுக்கு 40 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பவுனுக்கு, சேதாரமும் வரியும் சேர்த்து, பில்லில் 738 ரூபாய். அதே 6,810 விலையில் ஒரே ஒரு சதவிகிதம் சேதாரத்தின் மதிப்பு 1,122 ரூபாய். மாலைவரை பஸ் ஸ்டாண்டில் காத்திருந்து விலை இறங்குமா என்று போனைப் பார்த்துக்கொண்டிருப்பதைவிட, அந்த நேரத்தில் இரண்டாவது கடைக்குள் நுழைந்து சேதாரம் கேட்பது மேல். இன்றைக்கு விலை 2024-ல் இருந்ததைவிட மிக அதிகம். அன்றைய கிராம் விலையைப் போட்டு இதே கணக்கை ஒரு காகிதத்தில் போட்டுப் பாருங்கள். விலை ஏற ஏற, ஒரு சதவிகிதம் சேதாரத்தின் எடையும் ரூபாயில் கூடிக்கொண்டே போகும்.

பழைய நகையைக் கொடுத்துப் புதிது எடுக்கிறவர்களுக்கு நேரம் இன்னும் குறைவாகவே முக்கியம். விலை ஏறினால் வாங்குவதும் ஏறும், கொடுப்பதும் ஏறும். எடை ஏறத்தாழ ஒன்றாக இருந்தால் ஒன்றுக்கொன்று கழிந்துவிடும். அங்கே பார்க்க வேண்டியது, பழையதில் எத்தனை சதவிகிதம் கழிக்கிறார்கள் என்பதைத்தான்.

பகல் பதினொரு மணி ஏன் நல்லது?

விலைக்காக நேரம் பார்க்க வேண்டாம் என்றேன். ஆனால் முதல் முறை வாங்குகிறவருக்கு வேறு காரணத்துக்காக நேரம் முக்கியம். கூட்டமில்லாத நேரத்தில்தான் சில விஷயங்களை நிதானமாகப் பார்க்க முடியும். அமராவதி நகரிலிருந்து வருகிறவர் சாயங்காலம் வந்தால், திரும்பிப் போகிற பஸ்ஸிலேயே பாதி கவனம் இருக்கும். கையில் புது நகையோடு இருட்டில் இறங்கி நடக்கவும் வேண்டியிருக்கும்.

முதலில் நகையில் ஹால்மார்க் முத்திரையைப் பாருங்கள். பி.ஐ.எஸ். முத்திரை, 22 காரட் என்றால் 22K916 என்ற தூய்மைக் குறி, பிறகு எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க எச்.யூ.ஐ.டி. எண். இந்த மூன்றும் இருக்க வேண்டும். 2023 ஏப்ரல் 1 முதல் ஆறு இலக்க எண் இல்லாத ஹால்மார்க் நகையைக் கடையில் விற்கக் கூடாது. எழுத்து மிகச் சிறியதாக இருக்கும். கடையில் லென்ஸ் கேளுங்கள், கொடுப்பார்கள். உங்கள் போனில் BIS Care என்ற செயலியை வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொண்டு, கடையில் Verify HUID என்ற இடத்தில் அந்த எண்ணைத் தட்டுங்கள். நகையின் வகை, தூய்மை, முத்திரையிட்ட மையம் எல்லாம் வரும். நீங்கள் கையில் வைத்திருப்பது சங்கிலி, செயலி மோதிரம் என்கிறது என்றால் அந்த நகையை வைத்துவிடுங்கள். கூட்ட நேரத்தில் பின்னால் நாலு பேர் நிற்கும்போது இதையெல்லாம் செய்யக் கூச்சமாக இருக்கும். அந்தக் கூச்சம்தான் பல பேரைப் பார்க்காமலேயே வாங்க வைக்கிறது.

அடுத்தது எடை. நகையை வைக்கும் முன் தராசு சுழியத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். கண்ணாடி மூடி இருந்தால் மூடச் சொல்லுங்கள். ஃபேன் காற்றுக்கே எண் ஆடும். விலைச்சீட்டை நூலோடு சேர்த்து எடை போடக் கூடாது. கல் வைத்த நகை என்றால் கல்லின் எடை கழித்து, தங்கத்தின் நிகர எடைக்குத்தான் விலை. முதல் நகைக்குக் கல் வைக்காத சங்கிலி நல்லது என்பது என் அபிப்பிராயம். பின்னால் விற்கும்போது கல்லுக்கு யாரும் நல்ல விலை தருவதில்லை.

மூன்றாவது பில். கிராம் விலை, நிகர எடை, சேதாரம் அல்லது செய்கூலி, ஹால்மார்க் கட்டணம், ஜி.எஸ்.டி. எல்லாம் தனித்தனி வரியாக இருக்க வேண்டும். ஹால்மார்க் கட்டணம் நகை ஒன்றுக்கு 45 ரூபாயும் அதற்கான வரியும்தான். எடை எவ்வளவு இருந்தாலும் அதேதான். அதற்கு நூற்றுக்கணக்கில் போட்டிருந்தால் ஏன் என்று கேளுங்கள். 'எஸ்டிமேட்' என்று எழுதிய துண்டுச் சீட்டு பில் ஆகாது. வரி போடாமல் தருகிறேன் என்று சொல்லி அந்தச் சீட்டைக் கொடுத்தால், நாளைக்கு ஏதாவது குறை என்றால் நீங்கள் அங்கே வாங்கினீர்கள் என்பதற்கே சாட்சி இல்லை.

இங்கே நேரம் மறுபடியும் வருகிறது. உங்களுக்கு எந்த விலை என்பது, பில் போடும் நிமிடத்தில் போர்டில் இருக்கும் விலைதான். காலையில் நகையைத் தேர்ந்தெடுத்து வைத்துவிட்டு, பணம் எடுக்க வங்கிக்குப் போய் நான்கு மணிக்குத் திரும்பினால், நடுவில் இரண்டாவது விலை வந்திருந்தால் அதைத்தான் போடுவார்கள். என் உறவுக்காரப் பையன் ஒருவனுக்கு இது நடந்தது. போனில் ஒரு நாளைக்கு அனுப்பக்கூடிய தொகைக்கு வரம்பு இருப்பது அவனுக்கு கவுண்டரில் நின்றபோதுதான் தெரிந்தது. அப்பாவை வங்கிக்கு அனுப்பி மீதியைக் கட்டுவதற்குள் விலை ஏறிவிட்டது. அதனால் எவ்வளவு தொகையை எந்த வழியில் கட்டப் போகிறீர்கள் என்பதை முதல் நாளே வங்கியில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ரொக்கமாக இரண்டு லட்சமோ அதற்கு மேலோ கடைக்காரர் வாங்க சட்டத்தில் இடமில்லை. இரண்டு லட்சத்துக்கு மேல் போனால் பான் எண்ணும் கேட்பார்கள்.

முன்பணம் கட்டி அன்றைய விலையை உறுதி செய்துகொள்ளும் வசதி சில கடைகளில் உண்டு. விலை ஏறினால் பதிவு செய்த விலை, இறங்கினால் அன்றைய விலை என்று சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் எத்தனை சதவிகிதம் கட்ட வேண்டும், எத்தனை நாளுக்குள் எடுக்க வேண்டும், வேண்டாம் என்றால் பணம் திரும்ப வருமா என்ற மூன்றும் ரசீதில் எழுத்தில் இருக்க வேண்டும். சேதாரத்தையும் அப்போதே எழுதி வாங்குங்கள். விலையை உறுதி செய்துவிட்டு, நகை எடுக்கும் நாளில் சேதாரத்தில் ஏற்றினால் நீங்கள் உறுதி செய்ததற்கு அர்த்தமே இல்லாமல் போய்விடும்.

ராகு காலம், எமகண்டம் பார்த்து வாங்குவது அவரவர் நம்பிக்கை. அதில் நான் தலையிடவில்லை. அதனால் விலை ஏறுவதுமில்லை, இறங்குவதுமில்லை.

இவ்வளவையும் சுருக்கமாக அந்த வாசகிக்கு போனில் சொல்லியிருந்தேன். பத்து நாள் கழித்து அவரே கூப்பிட்டார். ஒரு புதன்கிழமை ஒன்பது மணி பஸ்ஸில் கிளம்பி, பத்தரைக்குள் இரண்டு கடைகளில் சேதாரம் மட்டும் கேட்டுவிட்டு, மூன்றாவது கடையில் எடுத்தார்களாம். முதல் கடையில் 14 என்றது, மூன்றாவது கடையில் 11-க்கு முடிந்தது. அன்று மாலை டி.வி.யில் கிராமுக்கு 20 ரூபாய் இறங்கியது என்று சொன்னார்களாம்.

"நங்கையா இன்னும் அதையே சொல்லிக் காட்டறாங்க சார். இருபதை பதினாறால பெருக்கி முந்நூத்தி இருபதுன்னு நானும் சொல்லிட்டேன்" என்றார். பிறகு, கொப்பரை உலர்த்தும் களத்தில் பூஞ்சணம் வருவதற்கு என்ன செய்யலாம் என்று கேட்டார். அதற்கான பதில் அடுத்த இதழ் கேள்வி-பதில் பகுதியில் வருகிறது.